அப்பா தம்பிக்கு எழுதிய செம்பனை நிலம் பேங்க் அடமானத்தில் இருக்கிறது. கடன் யார் தலையில்?

சிப்புட் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். இது எங்கள் வீட்டுப் பிரச்சினை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். லயத்தை விட்டு வெளியே வந்ததும் தாமானில் ஒரு வீடு, அப்புறம் ஊருக்கு வெளியே 2 ஏக்கர் செம்பனை நிலம் வாங்கினார். 2011-ல் லாயரிடம் போய் உயில் எழுதினார். நிலம் தம்பிக்கு, வீடு அம்மாவுக்கு, மீதி இருப்பதெல்லாம் அம்மாவுக்கு. நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு.

2017-ல் வீட்டைப் பெரிதாக்க பேங்கில் கடன் எடுத்தார். நிலத்தின் கிராண்ட் பத்திரம் பேங்கில் இருக்கிறது. உயிலை அதன் பிறகு மாற்றவில்லை. போன பிப்ரவரியில் அப்பா தவறிவிட்டார். கடன் இன்னும் 70,000 வெள்ளி நிற்கிறது, மாதக் கட்டு 890. அந்த மீதியில் அம்மாவுக்கென்று இருப்பது 58,000 எஃப்டி மட்டும்.

உயிலில் ஒரு வரி இருக்கிறது: "என் ஈமச்செலவும் என் கடன்கள் அனைத்தும் என் மீதிச் சொத்திலிருந்து கட்டப்பட வேண்டும்." தம்பி அதைக் காட்டி, கடனை எஃப்டியிலிருந்து கட்டு, நிலத்தைச் சுத்தமாக என் பேருக்கு மாற்று என்கிறான். அப்படிச் செய்தால் எஃப்டி முழுக்கப் போய், அதற்கு மேல் 12,000 துண்டும் விழும். அம்மாவுக்கு வயது 66. தம்பி கெட்டவன் இல்லை, உயிலில் எழுதியிருப்பதைத்தான் கேட்கிறான். எது சரி?

ஈப்போ மணி:
தம்பி சொல்வது சரி. இறந்தவரின் கடனை முதலில் அடைக்க வேண்டும், அடைத்த பிறகுதான் பங்கு. நிறைவேற்றுபவரின் முதல் கடமையே அதுதான். எங்கள் மாமா காரியத்தில் லாயர் இதைத்தான் சொன்னார். போதாததற்கு உயிலிலேயே "கடன்கள் அனைத்தும்" என்று இருக்கிறது. பேங்க் கடனும் கடன்தானே.

காஜாங் பையன்:
அக்கா, லாயருக்கு ஏன் செலவு? தானா ஆபீஸில், அதாவது நில அலுவலகத்தில், பூசாக்கா என்ற வாரிசுச் சொத்துக் கேஸ் போடுங்கள். அங்கேயே விசாரித்துப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. எங்கள் அப்பா போனபோது அப்படித்தான் நடந்தது. நிலத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, விட்டுக் கொடுக்காதீர்கள்.

சிப்புட் மகள்:
காஜாங் தம்பி, உயில் இருக்கிறது. எனக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கவில்லை. கடன் யார் பக்கம் என்பதுதான் என் கேள்வி.

ஓய்வு கிராணி:
லாயர் ஆபீஸில் 31 வருடம் கிராணியாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் உயிலைக் கோர்ட்டில் உறுதி செய்யும் புரோபேட் பைல்கள்தான். என் அனுபவத்தைச் சொல்கிறேன் அம்மா.

காஜாங் தம்பி சொன்ன மூன்றில் ஒன்று கணக்கு உயில் இல்லாதவர்களுக்கு. அதுவும் இறந்தவரின் தாய் தகப்பன் உயிரோடு இல்லாவிட்டால்தான். உயில் இருந்தால் ஹைகோர்ட்டில் புரோபேட் எடுக்க வேண்டும்.

மணி சொன்னதில் பாதி சரி. கடனை அடைத்துவிட்டுத்தான் பங்கு, அதில் மாற்றமில்லை. ஆனால் எந்தச் சொத்திலிருந்து அடைப்பது என்பது வேறு கேள்வி. அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு சொத்தின் மேல் அடமானம் இருக்கும்போதே சொந்தக்காரர் இறந்தால், அந்தக் கடனை அந்தச் சொத்துதான் முதலில் தாங்க வேண்டும். நிலத்தைப் பெறுகிறவன் கடனோடு சேர்த்துப் பெறுகிறான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இது தலைகீழாக இருந்தது. நிலம் மூத்த மகனுக்குப் போகும், கடனை மற்றவர்களின் ரொக்கத்திலிருந்து அடைப்பார்கள். விதவையும் மற்றப் பிள்ளைகளும் வெறுங்கையோடு நின்றார்கள். 1854-ல் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள், 1925-ல் இன்னும் விரிவாக எழுதினார்கள். நம் மலேசியாவின் 1959 புரோபேட் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான்.

இதை மாற்ற அப்பாவுக்கு உரிமை உண்டு. அவர் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆனால் "என் கடன்கள் அனைத்தும் மீதிச் சொத்திலிருந்து" என்ற பொது வரி அதற்குப் போதாது. அது எல்லா லாயர் ஆபீஸ் உயிலிலும் இருக்கும் வரி. நானே நூற்றுக்கணக்கில் டைப் அடித்திருக்கிறேன். அந்த அடமானத்தைக் குறித்தே சொல்லியிருக்க வேண்டும், அல்லது நிலத்தை "அடமானம் நீக்கி" கொடுக்கிறேன் என்ற மாதிரி இருக்க வேண்டும். 2011 உயிலில் 2017 கடனைப் பற்றி அவர் எழுதியிருக்க வழியில்லை. உயில் முந்தியது, கடன் பிந்தியது என்பதும் உங்கள் தம்பிக்கு உதவாது. இறந்த நாளில் அடமானம் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஈப்போ மணி:
கிராணி ஐயா, அப்படியென்றால் "கடன்கள் அனைத்தும்" என்ற வரிக்கு அர்த்தமே இல்லையா?

ஓய்வு கிராணி:
இருக்கிறது. ஆஸ்பத்திரி பில், கிரெடிட் கார்டு, கடைக்கடன், ஈமச்செலவு எல்லாம் அந்த வரியின்படி மீதிச் சொத்திலிருந்து போகும். அடமானக் கடன் மட்டும் அதன் நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாகான் செராய் அக்கா:
கடன் எடுத்தவர் இறந்தால் கடனைக் கட்டும் எம்ஆர்டிஏ இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று முதலில் பேங்கில் கேட்டீர்களா அம்மா? என் வீட்டுக்காரர் போனபோது எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாலு மாதம் தாலிக்கொடியை வைத்துக் கட்டு கட்டினேன். அப்புறம் பழைய பைலில் ஒரு மஞ்சள் உறை கிடைத்தது, உள்ளே இன்சூரன்ஸ் கடிதம். பேங்குக்கு எடுத்துப் போனேன், மிச்சக் கடனில் பெரும்பகுதியை இன்சூரன்ஸ் கட்டியது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பேப்பரையும் பாருங்கள்.

சிப்புட் மகள்:
கேட்டேன் அக்கா. 2017-ல் அப்பாவுக்கு 63 வயது, இனிப்பு நீரும் இருந்தது. பிரிமியம் அதிகம் என்று வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். எம்ஆர்டிஏ இல்லை.

கிராணி ஐயா, மனதில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. ஆனால் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவனையே இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

2 ஏக்கர்:
நான்தான் அந்தத் தம்பி. அக்கா எழுதியது எல்லாம் உண்மை. நான் அம்மாவின் காசைப் பிடுங்க வரவில்லை. என் கேள்வி இதுதான். அந்தக் கடன் நிலத்துக்காக எடுத்தது இல்லை. வீட்டுக்குப் பின்னால் சமையலறையும் இரண்டு அறையும் கட்ட எடுத்தது. அந்த வீடு அம்மாவுக்குப் போகிறது. வீட்டில் போட்ட காசுக்கு என் நிலம் ஏன் அழ வேண்டும்? எனக்கு லோரியில் வேலை, மாதம் 2,600. 890 கட்டினால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

ஓய்வு கிராணி:
தம்பி, நியாயமான கேள்வி. ஆனால் காசு எதற்குச் செலவானது என்று சட்டம் பார்ப்பதில்லை. எந்தச் சொத்து பேங்குக்கு ஈடாக நிற்கிறது என்றுதான் பார்க்கும்.

இன்னொரு விஷயம். உன் சம்பளம் இதில் மாட்டாது. நீ அந்தக் கடனில் கையெழுத்துப் போடாதவரை பேங்க் உன்னைத் தனியாகக் கேட்க முடியாது. கடன் நிலத்தின் மதிப்பு வரைக்கும்தான் உன் பங்கைக் கடிக்கும். நிலத்தை விற்றும் கடன் மிஞ்சினால், அந்த மிச்சம் அப்பாவின் மற்றச் சொத்தின் மேல் போகும். வேண்டாம் என்றால் நிலத்தையே ஏற்காமல் விடவும் உனக்கு உரிமை உண்டு. 2 ஏக்கருக்கு 70,000 கடன் என்றால் அப்படி விட மாட்டாய் என்று நினைக்கிறேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். பேங்கில் இருப்பது நிலத்தின் கிராண்ட் மட்டும்தானா? வீட்டின் கிராண்ட் யார் கையில் இருக்கிறது? யாராவது கண்ணால் பார்த்தீர்களா?

சிப்புட் மகள்:
வீட்டின் கிராண்ட் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கும் என்று நினைத்திருந்தோம். இப்போது திறந்து பார்த்தேன். இருப்பது போட்டோகாப்பி.

ஓய்வு கிராணி:
நினைத்தேன். தானா ஆபீஸுக்குப் போய் இரண்டு கிராண்டுக்கும் சர்ச் எடுங்கள். நம்பர் அந்தக் காப்பியில் இருக்கும். வரும் தாளில் சொந்தக்காரர் பெயருக்குக் கீழே அடமானப் பதிவு எதுவும் இருந்தால் பேங்க் பெயரோடு வரும். பேங்க் ஆபீசர் வாயால் சொல்வதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

பாகான் செராய் அக்கா:
மாதக் கட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பங்கு முடியட்டும் என்று என் நாத்தனார் வீட்டில் நிறுத்தினார்கள். வட்டி ஏறியது, அப்புறம் நோட்டீஸ் வந்தது. ஏலம் வரைக்கும் போய் உயிர் போய் உயிர் வந்தது.

சிப்புட் மகள்:
இன்று சர்ச் எடுத்தேன். கிராணி ஐயா சந்தேகப்பட்டது சரி. ஒரே கடன், ஒரே பதிவு நம்பர், நிலத்தின் தாளிலும் இருக்கிறது, வீட்டின் தாளிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் அப்பா அடமானம் வைத்திருக்கிறார். அம்மாவுக்கே தெரியாது. தாளைக் காட்டியபோது அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு கிராணி:
அப்படியானால் கணக்கு மாறுகிறது. ஒரே கடனுக்கு இரண்டு சொத்து ஈடாக நின்றால், இரண்டும் தத்தம் மதிப்புக்கு ஏற்றபடி கடனைப் பங்கிட்டுத் தாங்க வேண்டும். இரண்டுக்கும் மதிப்பு போட்டீர்களா?

சிப்புட் மகள்:
புரோபேட்டுக்காகப் போட்டோம். இறந்த நாள் மதிப்பு, நிலம் 210,000, வீடு 140,000.

ஓய்வு கிராணி:
மொத்தம் 350,000. நிலம் ஐந்தில் மூன்று, வீடு ஐந்தில் இரண்டு. 70,000 கடனில் நிலத்தின் பங்கு 42,000, வீட்டின் பங்கு 28,000. தம்பி நிலத்தை 42,000 சுமையோடு பெறுகிறார், அம்மா வீட்டை 28,000 சுமையோடு பெறுகிறார். எஃப்டி இந்தக் கடனுக்காகத் தொடப்பட வேண்டியதில்லை. அம்மா தன் 28,000-ஐ அதிலிருந்து கட்ட விரும்பினால் அது அவர் விருப்பம். ஆஸ்பத்திரி, ஈமச்செலவு மட்டும் அதிலிருந்து போகும்.

ஆக உங்கள் இருவரில் யாருமே முழுக்கச் சரியில்லை.

2 ஏக்கர்:
42,000 என்றால் என்னால் பார்க்க முடியும். 70,000 என்றபோது தலை சுற்றியது. அம்மா மேல் 28,000 விழுவதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

ஈப்போ மணி:
பேங்க் இந்த 42, 28 கணக்கை ஒத்துக்கொள்ளுமா? 28,000 கட்டினால் வீட்டை விடுவிப்பார்களா?

ஓய்வு கிராணி:
நல்ல கேள்வி மணி. ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் பேங்குக்கு இல்லை. இது வாரிசுகளுக்குள் இருக்கும் கணக்கு. பேங்குக்கு 70,000-மும் வரும் வரை இரண்டு சொத்தும் பிடியில்தான். கட்டு நின்றால் எதை வேண்டுமானாலும் ஏலத்துக்குக் கொண்டுவர முயலும். முதலில் 16டி நோட்டீஸ் வரும், அப்புறம் விற்பனை ஆணை. அப்படி வீடு மட்டும் விற்றுப் போனால் அம்மா தன் பங்குக்கு மேல் போனதை நிலத்திடமிருந்து கேட்கலாம். ஆனால் வீடு போனது போனதுதான்.

அதனால் நான் பார்த்த குடும்பங்கள் இரண்டு வழியில் ஒன்றைத்தான் செய்வார்கள். ஒன்று, வாரிசு தன் பேரில் புதுக்கடன் எடுத்துப் பழையதை மூடுவது. மூடியதும் 16என் படிவம் போட்டு இரண்டு கிராண்டையும் விடுவித்து, நிலத்தை மட்டும் புதுக்கடனுக்கு வைப்பது. இரண்டாவது, பேங்கிடம் பேசிப் பகுதி விடுவிப்பு வாங்குவது. மீதி நிலத்தின் மதிப்பு கடனுக்குத் தாராளமாக இருந்தால் சில பேங்குகள் சம்மதிக்கும். எழுத்தில் வாங்காமல் ஒரு வெள்ளி கட்டாதீர்கள்.

2 ஏக்கர்:
ஐயா, பிப்ரவரியிலிருந்து குலை விற்ற காசு அக்காவிடம் இருக்கிறது. ஆள் கூலி, உரம் போக மாதம் 500, 600 வரும். அது யாருடையது?

ஓய்வு கிராணி:
நிலம் உனக்கென்று குறித்து எழுதப்பட்டது. அதனால் அப்பா இறந்த நாளிலிருந்து வரும் வருமானமும் உன்னுடையது. அதே போல அந்த நாளுக்குப் பிறகு உன் பங்குக் கடனில் ஏறும் வட்டியும் உன்னுடையது. குலைக் காசை மாதக் கட்டில் உன் பங்குக்குப் போடச் சொல். 890-ல் ஐந்தில் மூன்று 534 வெள்ளி. குலை வாங்கும் தவுக்கே கொடுக்கும் சீட்டு ஒவ்வொன்றையும் அக்கா வைத்திருக்க வேண்டும், நிறைவேற்றுபவர் கணக்குக் காட்ட வேண்டியவர்.

சிப்புட் மகள்:
இத்தனையும் சரி என்று எழுத உட்கார்ந்தேன். இன்று மாலை நடந்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவிடம் எப்போதும் ஒரு 555 புத்தகம் சட்டைப் பையில் இருக்கும். குலை எடை, உரக்கணக்கு, கொடுத்தது வாங்கியது எல்லாம் அதில்தான். கடைசிப் புத்தகத்தை அம்மா சாமி மேடையில் வைத்திருந்தார். புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தில், நீல மையில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "நிலத்து லோன் - எஃப்டி எடுத்துக் கட்டி முடிக்கணும். தம்பிக்குச் சுத்தமாக." கீழே கையெழுத்தும் 2022 என்று வருடமும். பக்கத்திலேயே உரம் 4 மூட்டை என்று கணக்கு.

இதைக் கிழித்துப் போட யாராலும் முடியாது. தம்பிக்குப் போட்டோ அனுப்பிவிட்டேன். இது உயிலா? இதற்கு மதிப்பு உண்டா?

ஈப்போ மணி:
இரண்டு சாட்சி இல்லாமல் எப்படி உயில் ஆகும்? செல்லாது. அதை மறந்துவிடுங்கள்.

ஓய்வு கிராணி:
மணி, உயிலாகச் செல்லாது, அது சரி. ஆனால் மறந்துவிடச் சொல்லாதீர்கள். அடமானத்தைச் சொத்து தாங்க வேண்டாம் என்ற விருப்பம் உயிலில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1925 இங்கிலாந்துச் சட்டத்தில் உயில், பத்திரம் அல்லது வேறு ஆவணம் என்று இருக்கிறது. அந்த வழியில் பார்த்தால் கையெழுத்துப் போட்ட ஒரு புத்தகப் பக்கத்தைக் காட்டி வாதாட இடம் இருக்கிறது.

ஆனால் அந்த வாசகத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். நான் போன பிறகு எஃப்டியிலிருந்து கட்டித் தம்பிக்குச் சுத்தமாகக் கொடுங்கள் என்று படிக்கலாம். நான் உயிரோடு இருக்கும்போதே எஃப்டியை உடைத்துக் கட்டிவிட வேண்டும் என்று தனக்கே எழுதிக்கொண்ட நினைவுக்குறிப்பு என்றும் படிக்கலாம். உரக்கணக்குக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது வாசிப்புக்குப் பலம். "தம்பிக்குச் சுத்தமாக" என்பது முதல் வாசிப்புக்குப் பலம். எஃப்டி போடப்பட்ட தேதி, அதை உடைக்க அப்பா பேங்குக்கு ஏதாவது எழுதினாரா, இதையெல்லாம் லாயர் பார்ப்பார். நான் இதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 31 வருடத்தில் இந்த மாதிரி ஒரு புத்தகம் என் மேசைக்கு வந்ததில்லை.

புத்தகத்தை முழுதாக லாயரிடம் கொடுங்கள், அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதுவரை எஃப்டியை உடைக்கவும் வேண்டாம், பங்கு பிரிக்கவும் வேண்டாம்.

பாகான் செராய் அக்கா:
அந்த அம்மா என்ன சொல்கிறார்? அவர் காசுதானே இது.

சிப்புட் மகள்:
அம்மா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "உன் அப்பா சொன்னால் செய்வார், செய்யத்தான் நேரம் வரவில்லை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை லாயரிடம் போகிறோம், அம்மாவும் வருகிறார்.

ஓய்வு கிராணி:
அம்மாவுக்கென்று தனியாக ஒரு லாயரிடம் பேசச் சொல்லுங்கள் அம்மா. நீங்கள் நிறைவேற்றுபவர், மகளும்கூட. பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு தாய் "எடுத்துக்கொள்" என்றுதான் சொல்வாள். விட்டுக் கொடுப்பதென்றால் தெரிந்து விட்டுக் கொடுக்கட்டும்.

2 ஏக்கர்:
போட்டோவைப் பார்த்தேன். லோரியை ஓரம் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அக்கா, வியாழன் நானும் லீவு போடுகிறேன். லாயர் என்ன சொன்னாலும் இந்த மாதக் கட்டு நிற்க வேண்டாம். குலைக் காசிலிருந்து 534 போடு. அம்மா பங்கு 356-ஐயும் இப்போதைக்கு நான் அனுப்புகிறேன், எஃப்டியைத் தொடாதே. என் பேரில் கணக்கு எழுதி வை.

சிப்புட் மகள்:
சரிடா தம்பி. எழுதி வைக்கிறேன். அதே 555-ல் வேண்டாம், புதுப் புத்தகம் வாங்குகிறேன்.